காய்ச்சலோடு கொப்புளம்: சின்னம்மையா, மணல்வாரியா, கை கால் வாய் நோயா என்று பார்க்கும் முறை

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில், குழந்தைக்குக் காய்ச்சலோடு உடம்பில் ஏதேனும் பொரிந்தால் அதை அம்மை என்று ஒரே சொல்லில் முடித்து, வாசலில் வேப்பிலை செருகிவிடுவது வழக்கம். வேப்பிலை செருகுவதால் தீங்கில்லை. ஆனால் மூன்று வேறு நோய்களையும் ஒன்றாக எண்ணி மருத்துவரைத் தவிர்ப்பதால், அவற்றுள் கடுமையான மணல்வாரி, அதாவது தட்டம்மை, நிமோனியாவாக முற்றும் வரை கவனிக்கப்படாமல் போகலாம். கீழே சொல்லும் வரிசையில் பார்த்தால், எது என்பதைப் பெரும்பாலும் வீட்டிலேயே ஊகித்துவிடலாம்; உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவரே.

முதல் படி: பொரிவதற்கு முந்தைய நாட்களை நினைவுகூருங்கள். கடுமையான காய்ச்சலும் இருமலும் மூக்கொழுகலும் கண் சிவப்பும் மூன்று நான்கு நாட்கள் இருந்து, அதன் பிறகே தடிப்பு வந்திருந்தால் அது மணல்வாரியின் போக்கு. தடிப்பு வந்ததும் காய்ச்சல் தணியாமல் மேலும் ஏறுவது அதன் இன்னோர் அடையாளம். சின்னம்மையில் லேசான காய்ச்சலோடு அன்றோ மறுநாளோ கொப்புளம் தெரியும். கை கால் வாய் நோயில் ஓரிரு நாள் காய்ச்சலுக்குப் பின் குழந்தை முதலில் சாப்பிட மறுக்கும்.

இரண்டாம் படி: பகல் வெளிச்சத்தில் துணிகளை முழுவதும் கழற்றிப் பாருங்கள். மணல்வாரி காதுக்குப் பின்னும் நெற்றி முடியோரத்திலும் தொடங்கி, முகம், மார்பு, கால் என்று கீழே இறங்கும். அதில் நீர் கோக்காது. கறுத்த தோலில் சிவப்பு எடுபடாது என்பதால், விரலால் தடவி, சொரசொரப்பு இருக்கிறதா என்று உணர்ந்து பார்க்க வேண்டும். சின்னம்மை மார்பிலும் முதுகிலும் நெருக்கமாக வரும், பனித்துளி போல் தெளிந்த நீர் நிற்கும், அரிக்கும். முடியை விலக்கிப் பார்த்தால் உச்சந்தலையிலும் இருக்கும். ஒரே இடத்தில் புதுச் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து தெரிவதே சின்னம்மைக்கு மிக நம்பகமான சான்று.

மூன்றாம் படி: வாய், உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம். இவற்றை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

பீடி சுற்றும் ஒரு வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தைக்கு நேற்று காய்ச்சல், இன்று எச்சில் ஒழுகுகிறது, தோசையை வாயில் வைத்ததும் அழுகிறது என்று வைத்துக்கொள்வோம். "அம்மை போட்டிருக்கு, மருந்து கிருந்து குடுத்திராத" என்கிறார் ஆச்சி. சட்டையைக் கழற்றினால் மார்பும் தலையும் தெளிவாக இருக்கின்றன, இருமல் இல்லை. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சிறு புண்கள். உள்ளங்காலில் சாம்பல் நிறம் கலந்த நீள்வட்டக் கொப்புளங்கள். பிட்டத்தில் சிவப்புப் புள்ளிகள். இது கை கால் வாய் நோய். 2022ஆம் ஆண்டில் மலைக்கு அப்பால் கொல்லத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பேசப்பட்டதும் இதன் ஒரு வடிவமாகவே கருதப்படுகிறது.

இந்தக் குழந்தையின் எடை 12 கிலோ என்றால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம் பாராசிட்டமால் தேவை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று அச்சிட்ட பாட்டிலில் அது 7.5 மில்லி, 250 என்று அச்சிட்டதில் ஏறத்தாழ 3.5 மில்லி. பாட்டில் மாறும்போது அளவு இரட்டிப்பாகிவிடும் தவறு இங்குதான் நேர்கிறது. ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது. மூன்று நோய்களில் எதுவானாலும் ஆஸ்பிரின் கூடாது; சின்னம்மையில் இபுபுரூஃபனையும் தவிர்க்க வேண்டும். வாய்ப்புண் எரியாமலிருக்க ஆறிய கஞ்சி, குளிர்ந்த பால், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். புளிப்பும் காரமும் வேண்டாம். சில வாரங்கள் வரை மலத்தில் கிருமி வெளியேறும் என்பதால், கழுவிவிடுபவர் ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவ வேண்டும்.

சின்னம்மையானால் எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்டும் வரை குழந்தையைத் தனியே வைத்திருங்கள். சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணி வீட்டில் இருந்தால் அவர் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மணல்வாரி என்று தோன்றினால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என இரண்டு தவணையும் போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள். வைட்டமின் ஏ அடுத்தடுத்து இரண்டு நாட்கள், வயதுக்கேற்ற அளவில், அங்கே கொடுப்பார்கள். கண்ணையும் உயிரையும் காப்பதில் அதற்குப் பங்குண்டு.

மூச்சு வேகமாக வாங்குதல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு, தூக்கத்தில் திரும்பத் திரும்பத் தூக்கிப்போடுதல், நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். கண்ணாடித் தம்ளரைத் தோலில் அழுத்தும்போது மறையாத ஊதாப் புள்ளிகள் இந்த மூன்று நோய்களையும் தாண்டிய ஆபத்தைக் காட்டுகின்றன. அதற்கும் காத்திருக்க நேரமில்லை. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனதும், குழந்தையோடு வரிசையில் உட்காராமல், "பொரிந்திருக்கிறது" என்று நுழைவிலேயே செவிலியரிடம் சொல்லித் தனி இடம் கேளுங்கள். மணல்வாரிக் கிருமி, குழந்தை எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் இருக்கும்.