முன்பக்கக் கதவு வோஷிங் மெஷினில் பூசண வாடை: மலையகத்து வீடுகளில் நடக்கும் தவறுகள்

துவைத்து எடுத்த துவாயில் ஈரச்சாக்கு வாடை அடித்தால், பலரும் முதலில் செய்வது துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தைக் கூட்டி ஊற்றுவதுதான். அந்த வாடையை வளர்ப்பதில் பெரிய பங்கு அதற்கே உண்டு.

நாம் பார்க்கும் ட்ரம்முக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தொட்டி இருக்கிறது. முன்பக்கக் கதவு மெஷின் குறைந்த தண்ணீரில் துவைப்பதால், அந்தத் தொட்டியின் மேல்பக்கம் முழுதாக அலசப்படுவதில்லை. துணியில் இருந்து வரும் உடம்பு எண்ணெய், கரையாத சவர்க்காரம், வாசனைத் திரவத்தில் உள்ள கொழுப்புப் பொருள் எல்லாம் அங்கே மெழுகுபோலப் படிகின்றன. அந்தப் படிவைத் தின்று பாக்டீரியாவும் பூஞ்சணமும் வழுவழுப்பான பாசியாக வளர்கின்றன. காற்றுப் புகாத கதவு ஈரத்தையும் உள்ளேயே பூட்டி வைக்கிறது.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் இது இன்னும் மோசமாகக் காரணம் குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி. ‘கோல்ட்’ என்று வைத்தால் மெஷின் தண்ணீரைச் சூடாக்குவதே இல்லை. அந்தக் குளிரில் தூளும் சரியாகக் கரையாது, கொழுப்பும் அசையாது. தவிர, மலைப்பக்க ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீருக்குத் தேவைப்படும் அளவு சவர்க்காரத்தை இங்கே போட்டால் நுரை பொங்கும், அலசியும் போகாது. பாக்கெட்டில் மென்மையான தண்ணீருக்குத் தனி அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் வழக்கமாகப் போடுவதில் பாதியில் தொடங்கிப் பாருங்கள்.

கடையில் ‘வோஷிங் மெஷின் கிளீனர்’ என்று விற்கும் பொடிகளில் சில, சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும் சிட்ரிக் அமில வகை. நம் பக்கம் சுண்ணாம்பு அதிகம் படிவதில்லை என்பதால் அதனால் வாடை போகாது. வினாகிரியையும் அப்பச்சோடாவையும் சேர்த்துப் போடும் வழக்கமும் பயனற்றது: இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். குளோரின் பிளீச் மேலோட்டமாகக் கிருமியைக் கொல்லும், ஆனால் அடியில் உள்ள மெழுகுப் படிவு அப்படியே இருக்கும். இந்தப் பிளீச்சை வினாகிரியோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

உண்மையில் வேலை செய்வது சூடும் ஒக்சிஜன் பிளீச்சும்தான், அதாவது சோடியம் பெர்கார்பனேட் தூள். பாக்கெட்டின் பின்னால் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நானுஓயாவில் என் சித்தி வீட்டு 7 கிலோ மெஷினை இப்படித்தான் சரி செய்தோம். முதலில் கதவோர ரப்பர் வளையத்தை விரித்து, கீழ்மடிப்பில் தேங்கிய கறுப்பு வழுவழுப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தோம். சவர்க்காரம் போடும் தட்டைக் கழற்றி, அது இருந்த பொந்தின் கூரையையும் பழைய பற்தூரிகையால் தேய்த்தோம். அங்கே படிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்புறம் கீழே உள்ள வடிகட்டியைத் திறந்தோம். தண்ணீர் கொட்டும், தட்டையான பாத்திரம் ஒன்றை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வெற்று ட்ரம்மில் சுமார் 100 கிராம் பெர்கார்பனேட் போட்டு 90 பாகையில் ஓடவிட்டோம். தண்ணீர் சூடானதும் நிறுத்தி ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் திரும்ப ஓட்டினோம்.

சவர்க்காரமே போடாமலும் கண்ணாடிக்குள் நுரை எழும்பியது, வெளியேறிய தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. பழைய படிவு கரைகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நுரை எழும்பாமல் தண்ணீர் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பல வருடப் படிவு ஒரே தடவையில் போகாது.

அதன் பிறகு வாசனைத் திரவத்தை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை துவாய்களையும் படுக்கை விரிப்புகளையும் 60 பாகையில் தூள் சவர்க்காரம் போட்டுத் துவையுங்கள். திரவச் சவர்க்காரத்தில் பொதுவாக ஒக்சிஜன் பிளீச் இருக்காது. ஒரு தடவைக்கு மின்சாரம் ஏறக்குறைய ஒரு யூனிட் போகும், குழாய்த் தண்ணீர் குளிர்ந்திருந்தால் சூடாக்க இன்னும் கொஞ்சம் கூடலாம். துவைத்து முடிந்ததும் துணியை உடனே எடுங்கள். மழைக்காலத்தில் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் ரப்பர் காயாது, துடைத்துவிட்டுத்தான் திறந்து வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மெஷின் இருக்கும் அறைக் கதவைப் பூட்டிவையுங்கள், உள்ளே ஏறிவிடுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பூசண வாடையாக இல்லாமல் கான் நாற்றமாக அடித்தால், கோளாறு மெஷினில் இல்லாமல் கழிவுக்குழாயில் இருக்கலாம். குழாய்முனை கழிவுத் துளைக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறதா, அல்லது தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவு அந்த வழியில் இல்லாமலே இருக்கிறதா என்று பிளம்பரை வைத்துப் பாருங்கள்.