எதிர்வினை நேரத் தரவில் கல் பொறுக்கும்போது நேரும் தவறுகள்

திரையில் ஓர் எழுத்துக்கோவை தோன்றுகிறது. அது சொல்லா, சொல் அல்லவா என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். 30 பேர் பங்கேற்கிறார்கள். அடிக்கடி புழங்கும் சொற்கள் 20, அரிதான சொற்கள் 20. அரிய சொல்லுக்கு எத்தனை மில்லிவிநாடி கூடுதலாகிறது என்பதுதான் கேள்வி. சோதனையை நடத்துவது எளிது. அதன் தரவைச் சுத்தம் செய்யும் இடத்தில்தான் பலருடைய ஆய்வும் வழுக்குகிறது.

‘சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு அப்பால் இருப்பதை நீக்கு’ என்ற விதியைப் பலர் யோசிக்காமல் கையாள்கிறார்கள். ஒருவருடைய பத்து எதிர்வினை நேரங்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்: 480, 510, 530, 545, 560, 590, 620, 680, 750, 2400. கடைசி மதிப்பு வரும்போது அவர் கவனம் எங்கோ போயிருக்கிறது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. விதிக்கு அது தெரியவில்லை. சராசரி 766.5, திட்ட விலக்கம் ஏறக்குறைய 580, எனவே மேல் எல்லை 2500-ஐத் தாண்டிவிடுகிறது. 2400 தப்பிவிட்டது. தன்னைப் பிடிக்க வேண்டிய வலையை அந்த மதிப்பே விரித்துப் பெரிதாக்கிவிட்டது. பத்தே மதிப்புகள் இருந்தால் எந்த மதிப்பும், அது ஒரு லட்சமாகவே இருந்தாலும், சராசரியிலிருந்து 2.85 திட்ட விலக்கத்தைத் தாண்ட முடியாது. ஆகவே அங்கே மூன்று என்ற விதி ஒருபோதும் எதையும் நீக்காது.

கீழ் எல்லையைப் பாருங்கள்: கழித்தல் 970 மில்லிவிநாடிக்கு அருகில் வருகிறது. சொல்லைப் படிப்பதற்குள் 90 மில்லிவிநாடியில் தவறுதலாக அழுத்திய பட்டனையும் இந்த விதி நல்ல தரவாகவே விட்டுவைக்கும். எதிர்வினை நேரம் வலப்பக்கம் வால் நீண்டது; இருபுறமும் சமமான எல்லை அதற்குப் பொருந்தாது.

இதைவிட ஆபத்தானது, புழங்கும் சொற்களுக்கும் அரிய சொற்களுக்கும் தனித்தனி எல்லை வகுப்பது. அரிய சொற்களின் சராசரியும் பரவலும் பெரியவை. அதனால் அதே 1400 மில்லிவிநாடி ஒரு பக்கம் நீக்கப்படும், மறுபக்கம் நிற்கும். நாம் தேடும் வித்தியாசத்தை நாமே ஊட்டி வளர்த்ததாகிவிடும். கல் பொறுக்குகிறவருக்கு அரிசி எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று தெரியக் கூடாது.

நான் செய்வது இது. தரவைப் பார்ப்பதற்கு முன்பே, எல்லோருக்கும், புழங்கும் சொல், அரிய சொல் என்ற இரு நிலைக்கும் பொதுவாக 200 மில்லிவிநாடி, 2000 மில்லிவிநாடி போன்ற எல்லைகளை எழுதி வைத்துவிடுகிறேன். மாடலைப் பொருத்திய பிறகு எச்சங்களை வரைந்து பார்க்கிறேன். நீக்கியும் நீக்காமலும் வரும் முடிவுகள் இரண்டையும் அறிக்கையில் தருகிறேன்.

வால் நீளத்தைக் குறைக்க லாக் எடுப்பது வழக்கம். ஆனால் லாக் எடுத்தவுடன் கேள்வியே மாறிவிடுகிறது. வேகமாகப் படிப்பவருக்கு 500-லிருந்து 550 ஆகிறது, மெதுவாகப் படிப்பவருக்கு 1000-லிருந்து 1100 ஆகிறது என்று வைப்போம். மில்லிவிநாடியில் ஒன்று 50, மற்றொன்று 100. லாக் அளவில் இரண்டும் ஒன்றே, ஏனெனில் இரண்டும் 10 சதவீதம். ‘மெதுவாகப் படிப்பவர்களை அரிய சொல் கூடுதலாகத் தாமதப்படுத்துகிறதா’ என்பதே உங்கள் ஆய்வுக் கேள்வி என்றால், லாக் அந்த விடையை அழித்துவிடும். மில்லிவிநாடியையே வைத்துக்கொண்டு, காமா பரவலும் ஐடென்டிட்டி லிங்க்கும் கொண்ட மாடலைப் பொருத்துவது ஒரு மாற்று வழி.

அடுத்தது அனோவா. ஒவ்வொருவருக்கும் நிலைவாரியாகச் சராசரி எடுத்து அனோவாவில் போட்டால், 20 அரிய சொற்களும் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது காணாமல் போகிறது. இரண்டு மூன்று கடினமான சொற்களே முழு வித்தியாசத்தையும் உண்டாக்கியிருக்கலாம். ஹெர்பர்ட் கிளார்க் 1973-இலேயே இதை எச்சரித்தார்: சொற்களும், பங்கேற்பாளர்களைப் போலவே, பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரிகள்தான். ஆட்களையும் சொற்களையும் ஒருசேர மாதிரிகளாகக் கொள்வது மிக்ஸ்டு மாடல். நம் சோதனைக்கு அது R-இன் lme4 தொகுப்பில் இப்படி அமையும்; `RT` எதிர்வினை நேரம், `freq` சொல் புழங்குவதா அரியதா என்பது, `subj` ஆள், `item` சொல்:

```r
lmer(RT ~ freq + (1 + freq | subj) + (1 | item), data = d)
```

`(1 | subj)` என்று மட்டும் எழுதி நிறுத்துவது பரவலான தவறு. ஆளுக்கு ஆள் மாறும் `freq` சரிவு அதில் இல்லை; அரிய சொல்லின் பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவு என்று அது பொய்யாக அனுமானிக்கிறது; அந்தப் பாதிப்பு ஆளுக்கு ஆள் மாறும்போது, இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு கூடிவிடும். ஒரு சொல் புழங்குவதாகவோ அரியதாகவோதான் இருக்க முடியும் என்பதால் `item` பக்கம் `freq` சரிவு தேவையில்லை. மாடல் ஒருங்கவில்லை என்று எச்சரிக்கை வந்தால், பலர் `subj` பக்கமுள்ள `freq` சரிவையே முதலில் வெட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் `(1 + freq || subj)` என எழுதி, `freq`-ஐ எண்களாகக் குறியிட்டு, ஒட்டுறவை மட்டும் விலக்கிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மிக்ஸ்டு மாடல் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதியிருக்கும் நிறப்பெயரை விட்டு எழுத்தின் நிறத்தைச் சொல்ல வேண்டிய ஸ்ட்ரூப் சோதனையை எடுத்துக்கொள்வோம். நான்கு நிறங்கள் மட்டுமே கொண்ட அச்சோதனையில் அந்த நிறங்கள் எந்தப் பெரிய தொகுதியின் மாதிரியும் அல்ல. நான்கைக் கொண்டு மாறுபாட்டை நம்பகமாக மதிப்பிடவும் முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிலையிலும் சம எண்ணிக்கையில் முயற்சிகள் இருந்தால், அங்கே ஆள்வாரிச் சராசரியில் செய்யும் அனோவாவே போதும்.