மடிப்போடு சேர்ந்து ஓடும் சாயம்: டிஜிட்டல் ஓவியத்தில் டை-டை வளையங்களை வரைவது எப்படி?

துணிக்குச் சாயம் ஏற்றிய பிறகுதான் அது உடையாகி மடிகிறது. எனவே மடிப்பு எதை மறைக்கிறதோ, அந்த இடத்துச் சாயமும் மறைந்தாக வேண்டும். மடிப்பின் இருபுறமும் வளையம் தொடர்ச்சியாக ஓடினால், எவ்வளவு அழகாக நிழல் தீட்டினாலும் துணி தட்டையாகவே தெரியும். மடிப்பு வைத்த பாவாடை ஒன்றை வரைந்து பார்ப்போம்.

1. நிழலைத் தனியே வையுங்கள். மடிப்புகளின் கோடுகளையும் சாம்பல் நிற நிழலையும் தனித்தனி லேயர்களில் வரையுங்கள். நிழல் லேயரின் கலப்பு முறையை Multiply என மாற்றி, சாய லேயர்களுக்கு மேலே வையுங்கள்.

2. சாயத்தைத் தட்டையாக வரையுங்கள். வேறொரு லேயரில், விரித்துப் போட்ட துணியாக நினைத்து வளையங்களைத் தீட்டுங்கள். நூல் இறுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும். அதன் ஓரத்தில் நிறம் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கசிந்தும் இருக்கட்டும். இருபுறமும் ஒரே அளவு மங்கலாக்கினால் அது தெளிப்பு வண்ணம்போல் ஆகிவிடும்.

3. மறைந்த துணியைக் கழியுங்கள். மொத்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரு மடிப்பு 40 பிக்சல் ஆழம் உள்ளே போய்த் திரும்பி வந்தால், மறைவது 80 பிக்சல் துணி. தட்டை வடிவத்தில், மடிப்புகளுக்கு இடையே வெளியே தெரியும் முதல் பட்டை இடமிருந்து வலமாக 0 முதல் 200 பிக்சல் வரை என்றால், அடுத்த பட்டையை 280இலிருந்து வெட்ட வேண்டும். வளையத்தின் மையம் 100இல், ஆரம் 200 என்று கொள்வோம். முதல் பட்டையின் ஓரத்தில் வளையம் மையத்துக்கு மேலே 173 பிக்சல் உயரத்தில் முடியும். அடுத்த பட்டையில் 87 உயரத்தில்தான் தொடங்கும். அந்தத் துண்டிப்பைச் சரிசெய்துவிடாதீர்கள். மேலே ஒரு மடிப்பு புரண்டிருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்வதே அதுதான்.

4. ஒவ்வொரு பட்டையையும் வளையுங்கள். ஃபோட்டோஷாப்பில் Edit > Transform > Warp, கிரிட்டாவில் Transform கருவியின் Mesh முறை போதும். நம்மை நோக்கிப் புடைத்த பகுதியில் வடிவம் விரிந்தும், விளிம்பில் வளைந்து விலகும் பகுதியில் அகலம் மட்டும் நெருங்கியும் இருக்க வேண்டும்.

இப்போது நிழல் லேயரை மறைத்துப் பாருங்கள். சாயத்தை மட்டும் வைத்தே மடிப்புகள் எங்கே என்று தெரிந்தால் வேலை சரி. தெரியாவிட்டால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். நிழலைக் கூட்டுவது உதவாது.

ஓம்ப்ரேவுக்குத் துண்டிப்பு தேவையில்லை, ஏனென்றால் நிறம் மேலிருந்து கீழாகத்தான் மாறுகிறது. ஆனால் நிற எல்லை நேர்க்கோடாக இருக்கக் கூடாது; கீழ் விளிம்பு எப்படி ஏறி இறங்குகிறதோ, அதே போல் அதுவும் நெளிய வேண்டும்.

பாட்டிக்கில் மெழுகு வெடித்த நுண்கோடுகள் சாயமிடும்போதே உண்டானவை. அவற்றையும் தட்டை வடிவத்திலேயே, திசை ஒழுங்கில்லாமல் வரைந்து, பிறகு பட்டைகளோடு சேர்த்து வளையுங்கள். உடையின் மடிப்பை ஒட்டி அந்தக் கோடுகளை வரைந்தால் பாட்டிக் மறைந்து, கசங்கல்தான் தெரியும்.