ஏஜிங் சார்ட்: சிக்கிக்கிடக்கும் வேலையை மறைத்துவிடும் தவறுகள்

போர்டில் எல்லா டிக்கெட்டும் ஒரே அளவுதான். நேற்று எடுத்ததும், இருபது நாளாக நகராமல் கிடப்பதும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு வேலை தொடங்கி முடிய எத்தனை நாள் ஆனது என்று சொல்லும் சைக்கிள் டைம் அறிக்கையைப் பார்த்தாலும் பயனில்லை. அது முடிந்த வேலைகளை மட்டுமே எண்ணுகிறது. சிக்கிக்கிடக்கும் வேலை முடியாததால், அந்தக் கணக்கில் அது வருவதே இல்லை. மூன்று டிக்கெட் முடியாமல் தேங்கி நிற்கும் மாதத்திலும் சைக்கிள் டைம் சராசரி அழகாகவே இருக்கும். ஏஜிங் சார்ட் இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தது.

அதன் அமைப்பு எளிது. கீழே இடமிருந்து வலமாக வேலையின் கட்டங்கள்: டெவலப்மெண்ட், ரிவ்யூ, டெஸ்டிங் என்று. செங்குத்தாக வயது, நாட்களில். தொடங்கி இன்னும் முடியாத ஒவ்வொரு வேலையும் ஒரு புள்ளி. அது இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பத்தியில், தொடங்கி எத்தனை நாள் ஆனதோ அந்த உயரத்தில் நிற்கும். குறுக்கே ஓடும் சதமானக் கோடுகள் இதற்கு முன் முடிந்த வேலைகளிலிருந்து வருபவை. 85 சதமானக் கோடு 11 நாளில் இருந்தால், முடிந்த வேலைகளில் 85 சதவீதம் 11 நாளுக்குள் முடிந்தன என்று பொருள்.

இவ்வளவு எளிய படத்தை வைத்துக்கொண்டும் பல குழுக்கள் தேக்கத்தைக் கண்டுபிடிக்காமல் விடுகின்றன. பெரும்பாலும் தவறு இரண்டு இடங்களில்தான் நடக்கிறது: வயதை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதிலும், புள்ளியை எந்தக் கோட்டோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும்.

வயதை இடையில் பூஜ்யமாக்குவது

வேலையின் வயது என்பது அது தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை கடந்த காலம். தொடக்கம் ஒரே ஒரு முறைதான். ஆனால் கருவிகள் இயல்பாகத் தரும் தேதிகளில் பல இந்த விதியை மீறுகின்றன. ஜிராவின் `updated` தேதியை எடுத்தால், யாரோ ஒரு கமெண்ட் போட்டதும் வேலை புதிதாகிவிடும். கார்டில் புள்ளிகளாகத் தெரியும் `Days in column` இந்தக் கட்டத்தில் எத்தனை நாள் என்பதை மட்டுமே சொல்கிறது. கட்டம் மாறினால் அதுவும் புதிதாகத் தொடங்கும். `statusCategoryChangedDate` கொஞ்சம் மேல். என்றாலும் வேலை ஒருமுறை `To Do`வுக்குத் திரும்பிப் போய் வந்தால் அதுவும் மாறிவிடும்.

கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. ஒரு டிக்கெட் 3ஆம் தேதி டெவலப்மெண்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8ஆம் தேதி ரிவ்யூ. அங்கே தேவையில் ஒரு விவரம் விடுபட்டது தெரிந்து, 9ஆம் தேதி `To Do`வுக்குத் திருப்பி வைக்கிறார்கள். பதில் கிடைத்து 15ஆம் தேதி மறுபடி எடுக்கிறார்கள். 17ஆம் தேதி சார்ட்டைப் பார்த்தால் அதன் வயது 3 நாள், அடியில் பத்திரமாக நிற்கிறது. உண்மையான வயது 15 நாள். கோடு 11இல் இருக்கும் குழுவில், அது ஏற்கெனவே எல்லை தாண்டிய வேலை. அதிகம் அல்லாடிய டிக்கெட்தான் திரும்பிப் போய் வரும். ஆகவே எந்த வேலை வெளியே தெரிய வேண்டுமோ அதையே இந்தப் பிழை குறிபார்த்து மறைக்கிறது.

தீர்வு, முதன்முதலாகத் தொடங்கிய தேதியைத் தனியாக எழுதி வைத்து, அதைத் தொடாமல் இருப்பது. விரிதாளில் B பத்தியில் அந்தத் தேதி இருந்தால் வயது இதுதான்:

```
=TODAY()-B2+1
```

கடைசி +1 எதற்கென்றால், இன்று காலை எடுத்த வேலைக்கும் வயது 1 நாள். முடிந்த வேலைகளின் காலத்தையும் இதே முறையில் எண்ண வேண்டும். ஒன்றில் +1 போட்டு மற்றதில் விட்டால் புள்ளிகள் கோடுகளோடு ஒரு நாள் விலகி நிற்கும். ஜிராவில் திரும்பிப் போய் வந்தவற்றையும் சேர்த்துப் பிடிக்க, வரலாற்றைத் தேடும் இந்த வினவல் உதவும். `In Progress` என்ற இடத்தில் உங்கள் போர்டில் வேலை தொடங்கும் நிலையின் பெயரைப் போடுங்கள்:

```
statusCategory = "In Progress" AND status CHANGED TO "In Progress" BEFORE -11d
```

இது `To Do`விலேயே இன்னும் கிடப்பதைக் காட்டாது. தொடங்கிய வேலையை அங்கே திருப்பி வைக்கும் பழக்கம் இருந்தால், முதல் நிபந்தனையை `statusCategory != Done` என்று மாற்றிப் பாருங்கள். மறந்துபோன சில டிக்கெட்டுகள் தலைகாட்டும்.

பிளாக் ஆன நாட்களைக் கழிப்பதும் இதே வகைத் தவறு. “வேறு குழுவின் பதிலுக்குக் காத்திருக்கிறோம், அது எங்கள் நேரம் இல்லை” என்ற வாதம் நியாயமாகத்தான் படும். ஆனால் கடிகாரத்தை நிறுத்திய அந்தக் கணமே புள்ளி மேலே ஏறுவது நின்றுவிடும், யாரும் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். காத்திருப்பைக் காட்ட வேண்டுமானால் புள்ளிக்கு வேறு நிறம் கொடுங்கள். உயரத்தில் கை வைக்காதீர்கள். சனி, ஞாயிறைக் கழிப்பதா வேண்டாமா என்பது இவ்வளவு பெரிய விஷயமில்லை. புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒரே கணக்கு இருந்தால் போதும். எனினும் வேலைக்குக் காத்திருப்பவருக்கு விடுமுறை நாளும் காத்திருப்புதான் என்பதால், எல்லா நாட்களையும் எண்ணுவதையே நான் பரிந்துரைப்பேன்.

கடைசிக் கோட்டை மட்டும் பார்ப்பது

85 சதமானக் கோட்டைப் புள்ளி தாண்டிய பிறகுதான் பேசுவது என்று பல குழுக்கள் வழக்கம் வைத்திருக்கின்றன. அதற்குள் செய்யக்கூடியது பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். 11 நாள் ஆன பிறகு எச்சரிக்கை வந்தால், 11 நாளில் முடிக்க வழியே இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கைப் போடுவோம். முடிந்த வேலைகள் 40. அவற்றில் 20 வேலைகள் 5 நாளுக்குள், 28 வேலைகள் 8 நாளுக்குள், 34 வேலைகள் 11 நாளுக்குள் முடிந்தன. அதாவது 50, 70, 85 சதமானங்கள் முறையே 5, 8, 11 நாட்கள். புதிதாகத் தொடங்கும் வேலை 11 நாளைத் தாண்டும் வாய்ப்பு 40இல் 6, அதாவது 15 சதவீதம். அதே வேலை 5 நாள் கழிந்தும் முடியவில்லை என்றால், சீக்கிரம் முடிந்த 20ஐ ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிச்சம் 20இல் 6 தாண்டின: 30 சதவீதம். 8 நாள் கழிந்தும் முடியாவிட்டால் 12இல் 6, சரிபாதி. புள்ளி இன்னும் 85 கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆபத்து மட்டும் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆகவே 50 கோட்டைத் தாண்டும்போதே ஒரு கேள்வி, 70ஐத் தாண்டும்போது ஒரு முடிவு என்று வைத்துக்கொள்வது பொருத்தம்.

இதையும் விடக் கூர்மையானது கட்டவாரியான கோடு. முடிந்த ஒவ்வொரு வேலையும் டெவலப்மெண்டை விட்டு வெளியேறியபோது அதன் மொத்த வயது என்ன என்று எண்ணுங்கள். வேலை பின்னால் வந்து போயிருந்தால் கடைசியாக வெளியேறிய தேதியை எடுங்கள். நம் 40இல் 34 வேலைகள் 5 நாள் வயதுக்குள் டெவலப்மெண்டைத் தாண்டிவிட்டன என்று கொள்வோம். அப்படியானால் டெவலப்மெண்ட் பத்தியின் 85 கோடு 5இல், டெஸ்டிங் பத்தியின் கோடு 11இல். D பத்தியில் 40 வயதுகளும் இருந்தால் கோட்டின் உயரம் இப்படிக் கிடைக்கும்:

```
=SMALL(D2:D41,ROUNDUP(0.85*COUNT(D2:D41),0))
```

இப்போது இரண்டு புள்ளிகள், இரண்டின் வயதும் 6. ஒன்று டெவலப்மெண்டில், மற்றது டெஸ்டிங்கில். ஒரே உயரம் என்பதால் வெறும் குறுக்குக் கோடுகளுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 5 நாள் கழிந்தும் முடியாத 20இல், அப்போதும் டெவலப்மெண்டிலேயே இருந்தவை 6; அவற்றில் 4 வேலைகள் 11ஐத் தாண்டின. டெவலப்மெண்டைக் கடந்திருந்த 14இல் தாண்டியவை 2 மட்டுமே. முதல் புள்ளியைப் பற்றி இன்றே பேச வேண்டும், இரண்டாவதை அதன் போக்கில் விடலாம். ஆறு வேலை என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்து முடியும் தேதி சொல்லக் கூடாது. எதை முதலில் விசாரிப்பது என்று தீர்மானிக்க அது போதும்.

சராசரியை ஒரு கோடாகப் போடுவதையும் தவிர்க்கலாம். 60 நாள் ஆன ஒரே ஒரு வேலை அதை மேலே இழுத்துவிடும். அதன் நிழலில் மற்ற புள்ளிகள் எல்லாம் நலமாகத் தெரியும்.

கோடுகள் மெல்ல உயர்வதைக் கவனிக்காதது

நாள்பட்ட டிக்கெட்டுகளை ஒரே நாளில் மொத்தமாக மூடுவார்கள். அவை எல்லாம் ‘முடிந்தவை’ பட்டியலில் 50, 70 நாட்களோடு நுழைந்து 85 கோட்டைத் தூக்கிவிடும். மறுநாள், நேற்று வரை எல்லைக்கு வெளியே நின்ற புள்ளிகள் உள்ளே வந்திருக்கும். யாரும் அவற்றைத் தொடவே இல்லை. கைவிடப்பட்டவற்றை ‘ரத்து’ என்று தனியே குறித்து, கோட்டுக் கணக்கிலிருந்து விலக்குங்கள். உண்மையாகவே தாமதமாக முடிந்தவற்றை விலக்காதீர்கள், அவை நடந்தவை. கோட்டின் உயரத்தை மாதம் ஒருமுறை தேதியோடு எழுதி வைத்தால் இந்த நழுவல் கண்ணில் படும்.

தரவு கெட்டதற்கு இன்னொரு அடையாளம், பல புள்ளிகள் சரியாக ஒரே உயரத்தில் வரிசையாக நிற்பது. யாரோ டிக்கெட்டுகளை மொத்தமாக நகர்த்திய நாளில்தான் எல்லாவற்றுக்கும் வயது தொடங்கியிருக்கும்.

பார்த்த பிறகு தவறான கேள்வி

“இது யாருடையது?” என்று தொடங்கினால், அடுத்த வாரமே டிக்கெட்டுகளைத் தொடக்க நிலைக்கு நகர்த்தாமல் வேலை பார்ப்பார்கள். சார்ட் சுத்தமாகிவிடும், தேக்கம் அப்படியே இருக்கும். “இது அடுத்த கட்டத்துக்குப் போக இன்று என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். பதில் ஒரு செயலாக இருக்க வேண்டும்: பெரிய டிக்கெட்டை இரண்டாகப் பிரிப்பது, ரிவ்யூவுக்கு உட்காருவது, பதில் தராத குழுவை நேரில் கேட்பது, அல்லது வேண்டாம் என்று ரத்து செய்வது. பிரிக்கும்போது, வேலை தொடங்கிய துண்டுகளுக்குப் பழைய தொடக்கத் தேதியையே கொடுங்கள். தொடவே படாத துண்டு `To Do`வுக்குப் போகலாம்.

தினசரிக் கூட்டத்தில் வலது ஓரப் பத்தியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பத்தியிலும் மேலிருந்து கீழாக, கட்டக் கோட்டைத் தாண்டியவற்றை மட்டும் பேசினால் போதும். ஒரு பத்தியில் ஒரே ஒரு புள்ளி உயரத்தில் நின்றால் சிக்கல் அந்த வேலையில். ரிவ்யூ பத்தியில் ஏழு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றால் சிக்கல் ரிவ்யூவில். தனித்தனி டிக்கெட்டை விசாரித்துப் பயனில்லை. அந்த வரிசை குறையும்வரை டெவலப்மெண்டில் புதிதாக எதையும் எடுக்காமல், கை சும்மா இருப்பவர்கள் ரிவ்யூவுக்குப் போக வேண்டும்.