தண்டவாளத்தில் நகரும் தண்டு: மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடும்?

இந்தக் கணக்கில் எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. B, l, v மூன்றையும் பெருக்கினால் வோல்ட் கிடைத்துவிடும். அடுத்த வரியில் “மின்னோட்டத்தின் திசை என்ன?” என்று கேட்கும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. அதனால் எண்ணை விரைவாக முடித்துவிட்டு, திசையில் நிதானமாக நிற்கப்போகிறேன். காந்தப்பாயம் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: படம் வரையுங்கள்

கிடைமட்டமாக இரண்டு இணையான தண்டவாளங்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. இடது முனையில் இரண்டையும் இணைக்கும் ஒரு மின்தடை. அவற்றின் மீது செங்குத்தாக ஒரு உலோகத் தண்டு. அதை வலது பக்கமாக இழுக்கிறோம். காந்தப்புலம் தாளுக்குள் செல்கிறது, அதாவது படம் முழுக்க ⊗ குறிகள்.

இரண்டு நிறப் பேனாக்களைப் பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து கொடுக்கப்பட்ட புலத்துக்கு ஒரு நிறம். தூண்டப்பட்ட மின்னோட்டத்துக்கும் அது உருவாக்கும் புலத்துக்கும் இன்னொரு நிறம். ஒரே நிறத்தில் வரைந்தால் மூன்றாம் படியில் எது கொடுக்கப்பட்டது, எது உருவானது என்பது கலந்துவிடும்.

படி 2: அளவு

புலம் 0.5 டெஸ்லா, தண்டவாளங்களுக்கு இடையே 20 செ.மீ., வேகம் நொடிக்கு 3 மீட்டர், மின்தடை 0.6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். தண்டுக்கும் தண்டவாளத்துக்கும் மின்தடையோ உராய்வோ இல்லை என்று கொள்கிறோம்.

```
ε = B l v = 0.5 × 0.2 × 3 = 0.3 V
I = ε / R = 0.3 / 0.6 = 0.5 A
```

புலம், தண்டு, வேகம் மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் மட்டுமே இந்தச் சூத்திரத்தை அப்படியே போடலாம். ரயில் அச்சுக் கணக்குகளில் இதைக் கவனிக்க வேண்டும். அகலப் பாதையில் தண்டவாள இடைவெளி 1.676 மீ.; ரயில் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓட, புவிப்புலத்தின் செங்குத்துக் கூறு 4 × 10⁻⁵ டெஸ்லா என்று கொடுத்திருந்தால் விடை சுமார் 1.7 மில்லி வோல்ட். செங்குத்துக் கூறு மட்டுமே இங்கே கணக்கில் வரும். காந்த நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் திருநெல்வேலிப் பக்கம் அந்தக் கூறு மிகச் சிறியது. அதே ரயில் அங்கே அதே வேகத்தில் ஓடினாலும் இந்த மின்னழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும்.

படி 3: லென்ஸ் விதியால் திசை

நான் நீண்ட நேரம் நின்ற படி இது. விதியைச் சொல்லும்போது “தூண்டப்பட்ட மின்னோட்டம் எதிர்க்கும்” என்று பாதியோடு நிறுத்திவிடுகிறோம். எதை எதிர்க்கும்? புலத்தை அல்ல, பாயத்தில் ஏற்படும் மாற்றத்தை. எனவே படத்தைப் பார்த்து மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

சுற்றின் வழியாகச் செல்லும் பாயம் எந்தப் பக்கம் செல்கிறது? தாளுக்குள். அது கூடுகிறதா, குறைகிறதா? தண்டு வலப்புறம் நகர்வதால் சுற்றின் பரப்பு விரிகிறது, பாயம் கூடுகிறது. அப்படியானால் தூண்டப்பட்ட புலம் சுற்றுக்குள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? கூடுவதைத் தடுக்க, தாளிலிருந்து வெளியே.

இப்போது வலது கைக் கட்டைவிரலை உங்கள் முகத்தை நோக்கி நீட்டி, மற்ற விரல்களை மடக்குங்கள். விரல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. அதுவே மின்னோட்டத்தின் திசை. சுற்றின் வலது பக்கமாக இருக்கும் தண்டில் அது கீழிருந்து மேலே செல்கிறது. இடது பக்க மின்தடையில் மேலிருந்து கீழே இறங்குகிறது.

உடனே தண்டை இடப்புறம் நகர்த்திப் பாருங்கள். பாயம் இப்போதும் தாளுக்குள்தான், ஆனால் குறைகிறது. குறைவதை ஈடுசெய்யத் தூண்டப்பட்ட புலமும் தாளுக்குள்ளேயே, அதாவது வெளிப்புலத்தின் திசையிலேயே அமையும். மின்னோட்டம் வலஞ்சுழி, தண்டில் மேலிருந்து கீழே. “எப்போதும் எதிர்ப்புலம்” என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 4: மின்னூட்டத்தை வைத்துச் சரிபார்த்தல்

தண்டுக்குள் ஒரு நேர் மின்னூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது தண்டோடு சேர்ந்து வலப்புறம் செல்கிறது. வலது கையை விரித்து, விரல்களைப் புலத்தின் திசையில் தாளுக்குள்ளும், கட்டைவிரலை வலப்புறமும் நீட்டினால் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும். விசை அந்தப் பக்கம். முந்தைய விடையும் இதுவே. ஃபிளெமிங்கின் இடக்கை, வலக்கை விதிகளை நான் பரிந்துரைப்பதில்லை; எந்தக் கை எதற்கு என்ற குழப்பம் தேர்வு அறையில் தவறாமல் வந்துவிடும். ஒரே கையோடு வேலையை முடிப்பது நல்லது.

நேர் மின்னூட்டம் மேலே தள்ளப்படுவதால் தண்டின் மேல்முனை நேர்முனை. “மின்னோட்டம் உயர் அழுத்தத்திலிருந்து தாழ் அழுத்தத்துக்குத்தானே ஓடும், அப்படியானால் கீழ்முனைதானே நேர்முனை?” என்று கேட்கத் தோன்றும். அந்தக் கூற்று மின்தடைக்குப் பொருந்தும். இங்கே தண்டுதான் மின்கலம். மின்கலத்தின் உள்ளே மின்னோட்டம் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குச் செல்கிறது. படத்தில் தண்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் நேர்முனை மேலே இருக்கும்படி ஒரு மின்கலக் குறியீட்டை வரைந்தால் சந்தேகம் தீரும்.

படி 5: விசையையும் ஆற்றலையும் பாருங்கள்

மேல்நோக்கி மின்னோட்டம் ஓடும் தண்டின் மீது, தாளுக்குள் செல்லும் புலம் இடப்புறமாக விசை செலுத்தும். நாம் இழுப்பது வலப்புறம். ஆக, இயக்கம் தடுக்கப்படுகிறது.

```
F = B I l = 0.5 × 0.5 × 0.2 = 0.05 N
F v = 0.05 × 3 = 0.15 W
I² R = 0.25 × 0.6 = 0.15 W
```

சீரான வேகத்தில் இழுக்க நாம் செலவிடும் திறன் அப்படியே மின்தடையில் வெப்பமாகிறது. மின்னோட்டத்தைத் தலைகீழாகக் குறித்திருந்தால் விசை வலப்புறம் வந்திருக்கும். தண்டு தானாகவே வேகம் கூடி, வெப்பத்தையும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். உங்கள் படத்தில் அப்படி ஒரு விசை வந்தால், மூன்றாம் படிக்குத் திரும்பி இரண்டாம் கேள்வியைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: மின்தடை வலது பக்கம் இருந்தால்?

கருத்துப் பகுதியில் இந்தக் கேள்வி பலமுறை வந்ததால் இங்கேயே சேர்க்கிறேன். இடது மின்தடையை எடுத்துவிட்டு, வலது முனையில் வைத்துவிட்டோம். தண்டு இப்போதும் வலப்புறம்தான் போகிறது, ஆனால் சுற்று அதன் வலது பக்கம் இருக்கிறது. பரப்பு சுருங்குகிறது, பாயம் குறைகிறது, எனவே மின்னோட்டம் வலஞ்சுழி. முன்பு இடஞ்சுழி என்றோமே என்று பதற வேண்டாம். இந்தச் சுற்றில் தண்டு இடது பக்கமாக நிற்கிறது. வலஞ்சுழியில் இடது பக்கம் மேல்நோக்கியே செல்லும். தண்டில் திசை மாறவில்லை. நான்காம் படி மின்தடை எங்கே இருக்கிறது என்று கேட்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இரண்டு முனைகளிலும் 0.6 ஓம் மின்தடை இருந்தால், தண்டு என்ற ஒரே மின்கலத்துக்கு அவை பக்க இணைப்பில் அமைகின்றன. மின்னியக்கு விசை அதே 0.3 வோல்ட். ஒவ்வொரு மின்தடையிலும் 0.5 ஆம்பியர், தண்டில் இரண்டும் சேர்ந்து 1 ஆம்பியர். இழுக்க வேண்டிய விசையும் இரட்டிப்பாகி 0.1 நியூட்டன் ஆகும்.