கவேர்னஸ் சைனஸைக் கீறிப் படிக்கிறது எப்பிடி (மூக்குப் பக்கத்துப் பரு மூளைக்குப் போற வழியோட சேர்த்து)

அனட்டமி படிக்கத் தொடங்கின காலத்திலை என்னை ஆகலும் அழவைச்சது இந்தக் கவேர்னஸ் சைனஸ்தான். வைவாவிலை "உள்ளுக்கை என்ன இருக்கு, சுவரிலை என்ன இருக்கு" எண்டு கேட்டவை, நான் அஞ்சு நரம்பையும் சுவரிலை வைச்சுச் சொல்லிப்போட்டு வந்திட்டன். பிறகு எங்கட ஒழுங்கைப் பெடியன் ஒருத்தனுக்கு அந்த இடத்திலையே வருத்தம் வந்து, அவனைப் பார்த்த பிறகுதான் எனக்குப் படம் மண்டையிலை நிண்டது. அதாலை அந்தப் பெடியன்ர கதையையும் இதுக்குள்ளை கொண்டாறன்.

மண்டையோட்டு அடித்தளம், மூளைய மூடியிருக்கிற டியூரா, இதெல்லாம் ஒருக்கா வாசிச்சிட்டு வாங்கோ, அதுகளை நான் இதிலை சொல்லேல்லை.

என்ன வேணும்

ஒரு சிஆர் கொப்பி, சிவப்பு நீலம் மஞ்சள் மூண்டு பென்சில், ஒரு அழிறப்பர். ஃபோனிலை சுத்திச் சுத்திப் பார்க்கிற திரிடி ஆப் எல்லாம் வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். வடிவா இருக்கும், பார்க்கேக்கை எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும், மூடி வைச்சால் ஒண்டும் ஞாபகம் இராது. பேனையாலை கீறாதேங்கோ, எப்பிடியும் ரெண்டு தரம் அழிக்க வேண்டி வரும்.

படி 1: நடுவைக் கீறுங்கோ

தலையை ஒரு காதிலை இருந்து மற்றக் காதுப் பக்கமா நேரா கீழை வெட்டி, முன்னாலை நிண்டு பார்க்கிற மாதிரி நினையுங்கோ. நடுவிலை ஒரு சின்னக் கிண்ணம், அதுக்குள்ளை பட்டாணி அளவிலை கபச்சுரப்பி. கிண்ணத்துக்குக் கீழை ஸ்பீனொயிட் எலும்புக்குள்ளை இருக்கிற காற்றறை. கிண்ணத்தின்ரை ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டி கீறி, உள்ளுக்கை நீலம் தீட்டுங்கோ. அதுதான் சைனஸ், டியூராவின்ரை ரெண்டு படைக்கு நடுவிலை நாள இரத்தம் நிண்டு போற குளம். முன்னுக்குப் பின் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர் நீளம், அவ்வளவுதான்.

படி 2: நாடி

நீலத்துக்கு நடுவிலை சிவப்பாலை ஒரு வட்டம். உட்கரோட்டிட் நாடி. நாள இரத்தத்துக்குள்ளாலை ஒரு நாடி முழுசா நனைஞ்சுகொண்டு போற இடம் உடம்பிலை இது ஒண்டுதான். வட்டத்தைச் சுத்தி மஞ்சளாலை நாலஞ்சு சின்னப் புள்ளி வையுங்கோ, அது சிம்பதெற்றிக் நரம்பு வலை. கண்மணி சம்பந்தமா அது பேந்து தேவைப்படும்.

படி 3: நான் விழுந்த இடம்

வெளிப்பக்கச் சுவரிலை, அதாவது கபச்சுரப்பிக்கு எதிர்ப்பக்கத்துச் சுவரிலை, மேலையிருந்து கீழை நாலு மஞ்சள் புள்ளி: 3, 4, 5-1, 5-2. மூளையிலை இருந்து வாற நரம்புகளிலை மூண்டாவது, நாலாவது, பிறகு அஞ்சாவதின்ரை முதல் கிளை (நெத்திக்குப் போறது), ரெண்டாவது கிளை (கன்னத்துக்குப் போறது). இது ஒருத்தருக்கும் பிழைக்கிறேல்லை.

பிழைக்கிறது ஆறாவது. மற்ற நாலும் சுவரிலை இருக்கிறதாலை இதையும் அங்கையே வைக்கத்தான் கை போகும். அப்பிடியில்லை, ஆறாவது சுவரை விட்டு உள்ளுக்கை, நாடிக்குப் பக்கத்திலை வெளிப்புறமா, இரத்தத்துக்கு நடுவிலையே போகுது. வைவாவிலை நான் சொல்லிப் பேச்சு வாங்கினது இதைத்தான். கடைசியிலை நானே ஒரு வழி பிடிச்சன்: "மூண்டு நாலு அஞ்சு அஞ்சு சுவரிலை, ஆறு ஆத்துக்குள்ளை." யாழ்ப்பாணத்திலை மழைக்கு ஓடுற வழுக்கையாறைத் தவிர ஆறெண்டு சொல்ல ஒண்டும் இல்லை, எண்டாலும் இந்த ஆறு எனக்கு இண்டைக்கு வரைக்கும் மறக்கேல்லை.

இது ஏன் பெரிய விஷயம் எண்டால், சைனஸுக்குள்ளை இரத்தம் கட்டியாகி அழற்சி வந்தா முதல் நசுங்கிறது பெரும்பாலும் நடுவிலை நிக்கிற ஆறாவதுதான். சுவரிலை இருக்கிறதுகளுக்கு டியூரா கொஞ்சமாவது காவல். ஆறாவதுக்கு அதுவும் இல்லை.

அஞ்சாவதின்ரை மூண்டாவது கிளை, கீழ்த்தாடைக்கும் மோவாய்க்கும் போறது, இதுக்குள்ளை வாறேல்லை. அதைப் பெட்டிக்கு வெளியாலை, கீழை, தனியாக் கீறி விடுங்கோ. பேந்து உதவும்.

படி 4: தண்ணி வாற வாய்க்கால்கள்

இப்ப பக்கத்துத் தாளிலை ஒரு முகம் கீறுங்கோ, வடிவில்லாட்டியும் பரவாயில்லை. மூக்கின்ரை மேல் முனையிலை இருந்து வாயின்ரை ரெண்டு கடைக்கும் கோடு இழுத்தா ஒரு முக்கோணம் வரும். இதுக்குள்ளை இருக்கிற இரத்தம் சாதாரணமா முகநாளம் வழியாக் கழுத்துக்கு இறங்கும். ஆனா அதே நாளம் மேலை, மூக்கும் கண்ணும் சந்திக்கிற மூலையிலை, கண்குழிக்குள்ளை போற மேல் கண் நாளத்தோட தொடுத்திருக்கு. அந்தக் கண் நாளம் பின்னாலை போய் நேரா கவேர்னஸ் சைனஸுக்குள்ளை திறக்கும். அது முதல் வாய்க்கால்.

ரெண்டாவது ஆழத்தாலை போறது. கன்னத்துக்குள்ளாலை ஒரு கிளை உள்ளுக்கை போய், தாடைத் தசைகளுக்கு நடுவிலை இருக்கிற நாளப் பின்னலிலை சேர்ந்து, அங்கையிருந்து மண்டையோட்டு ஓட்டையளாலை மேலை ஏறும். மேல்தாடைப் பல்லிலை வாற கிருமிக்கு இந்த வழி வாய்ப்பு.

வால்வு விஷயத்தை விளங்கிறதுக்குக் கிணத்து மோட்டரை நினையுங்கோ. குழாயின்ரை அடியிலை புட்வால் இருக்கும், மோட்டரை நிப்பாட்டினாலும் ஏறின தண்ணி திரும்பிக் கிணத்துக்குள்ளை இறங்காது. புட்வால் பழுதாப்போனா அவ்வளவுதான், தண்ணி போன வழியாலையே திரும்பி வந்திடும். காலிலை இருக்கிற நாளங்களுக்கு வால்வு நிறைய. கண் நாளம், சைனஸ் எல்லாம் வால்வு இல்லாதது எண்டுதான் புத்தகங்களிலை இருக்கிறது, அதாலை அழுத்தம் எந்தப் பக்கம் கூடுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் இரத்தம் போகும். பருவைப் பிதுக்கேக்கை நீங்கள் கூட்டிறது அந்த அழுத்தத்தைத்தான். கீழை போற நாளம் கிருமியோட உறைஞ்சு அடைபட்டாலும் இதேதான், இரத்தத்துக்கு மிச்சம் இருக்கிற வழி மேலை.

படி 5: பெடியனைப் படத்திலை வைச்சுப் பாருங்கோ

பத்தொன்பது வயசு. வியாழக்கிழமை வலப்பக்க மூக்குத் துவாரத்து ஓரத்திலை வந்த பருவைக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பிதுக்கியிருக்கிறான். ஞாயிறு மூக்கின்ரை பக்கம் சிவந்து வீங்கி, உடம்பு கொதிக்குது, பனடோல் போட்டுப் படுத்திருக்கிறான். செவ்வாய் வலக்கண் இமை வீங்கிப் பாதி மூடிப்போச்சு, கண்ணுக்குப் பின்னாலை தலையிடி. ஒரு இடத்திலை காட்டக் கண்ணோய் எண்டு சொட்டு மருந்து குடுத்து அனுப்பியிருக்கினம். புதன் "அண்ணை, வலப்பக்கம் பார்த்தா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" எண்டான். அப்பதான் எனக்கு நெஞ்சு பக்கெண்டது, அவன்ரை தகப்பனோட சேர்ந்து உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம்.

வாட்டிலை சீனியர் டொக்டர் செய்தது சிம்பிள். விரலைக் காட்டி வலப்பக்கம் பார்க்கச் சொன்னவர், வலக்கண் நடுவைத் தாண்டி வெளியாலை போகேல்லை. கண்ணை வெளியாலை திருப்பிற ஆறாவது அது. பஞ்சாலை வலது நெத்தியைத் தொட்டார், மரத்திருக்கு, 5-1. கன்னமும் மரத்திருக்கு, 5-2. மோவாயைத் தொட்டார், வடிவாத் தெரியுது. அந்த மோவாய்தான் எனக்குப் படிப்பு: மூண்டாவது கிளை பெட்டிக்கு வெளியாலை எண்டு கீறினமெல்லோ, அது தப்பியிருக்கெண்டால் இடம் சைனஸ்தான்.

வெறும் கண்குழித் தொற்று எண்டாலும் கண் வீங்கும், பிதுங்கும், அசையாது. ஆனா கன்னம் மரக்காது, ஏன் எண்டால் 5-2 கண்குழிக்குள்ளை மேலாலை போற நரம்பில்லை. அதோட கண்குழித் தொற்று பெரும்பாலும் ஒரு கண்ணோட நிக்கும். இவனுக்கு வெள்ளி விடியக் காலமை இடக்கண்ணும் வீங்கத் தொடங்கிட்டுது.

கண்மணியை வைச்சு மட்டும் முடிவெடுக்காதேங்கோ. மூண்டாவது பாதிச்சா அது விரியும், நாடியைச் சுத்தின சிம்பதெற்றிக் பாதிச்சா சுருங்கும், ரெண்டும் சேர்ந்தா நடுவிலை நிண்டுகொண்டு உங்களைக் குழப்பும்.

டை ஏத்திச் செய்த சீரி ஸ்கானிலை சைனஸ் நிரம்பேல்லை, மேல் கண் நாளம் தடிச்சுக் கிடந்தது. இரத்தக் கல்ச்சரிலை ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் வந்தது, இந்த வருத்தத்துக்கு வழமையான ஆள் அதுதான். ஸ்கானுக்கோ கல்ச்சருக்கோ பார்த்துக்கொண்டு இருக்காமல் முதல் நாளே ஐவி அன்ரிபயோட்டிக் தொடங்கிட்டினம், கிழமைக்கணக்கிலை போச்சு. இரத்தம் உறையாமல் ஹெப்பரின் குடுக்கிறதோ இல்லையோ எண்டு வாட்டிலையே ரெண்டு கருத்து, உலகத்திலையும் அப்பிடித்தான்.

அம்மா இதைக் கேட்ட நாளிலை இருந்து வீட்டிலை ஆருக்கும் பரு வந்தாலும் என்னைக் கூப்பிடுறா. பரு வாற ஆக்களுக்கெல்லாம் இது வாறேல்லை, மிச்சம் அரிது. பருவோட காய்ச்சலும் இமை வீக்கமும் தலையிடியும் சேர்ந்து வந்தாத்தான் ஓட வேணும், ரெண்டாத் தெரியும்வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

பின்சேர்க்கை 1

கீழை ஒரு அண்ணை "வால்வு இல்லையெண்டு எழுதினது பழசு" எண்டு கொமன்ற் போட்டிருந்தார். தேடிப் பார்த்தன், அவர் சொன்னது சரி. 2010இல வந்த ஒரு ஆய்விலை முகநாளத்திலையும் மேல் கண் நாளத்திலையும் வால்வு பார்த்திருக்கினம். அப்ப கிருமி எப்பிடிப் போகுது எண்டால், வால்வு இல்லாததைவிட முகமும் சைனஸும் தொடுபட்டிருக்கிறதும் இரத்தம் ஓடுற திசையும்தான் முக்கியம் எண்டு அவை சொல்லினம். யோசிச்சா விளங்கும், மூக்கின்ரை மூலையிலை இருக்கிற இரத்தம் கண் நாளத்துக்குள்ளை போறதுக்கு அது திரும்பி ஓட வேணும் எண்டில்லை, அந்தப் பாதையே உள்ளுக்கைதானே போகுது. சோதினையிலை "வால்வற்றவை" எண்டு எழுதுங்கோ, அடுத்த வரியிலை தொடுப்பைப் பற்றியும் எழுதுங்கோ. புட்வால் உதாரணத்தை நான் அழிக்கேல்லை, விளங்கிறதுக்கு நல்லா இருக்கு.

பின்சேர்க்கை 2

"வலக்கண்ணிலை தொடங்கினது ஏன் இடக்கண்ணுக்குப் போச்சு" எண்டு மூண்டு பேர் கேட்டுட்டினம். ரெண்டு சைனஸையும் இணைக்கிற நாளங்கள் கபச்சுரப்பிக்கு முன்னாலை ஒண்டும் பின்னாலை ஒண்டுமா இருக்கு. படி 1 படம் நேரா கீழை வெட்டினது, அதிலை இதுகளைச் சரியாக் காட்டேலாது. புதுத் தாள் எடுத்து மேலையிருந்து பார்க்கிற மாதிரி நடுவிலை கபச்சுரப்பியை வட்டமாப் போட்டு, ரெண்டு பக்கமும் நீலப் பட்டை, முன்னுக்கும் பின்னுக்கும் நீலக்கோடு போட்டு இணையுங்கோ, கபச்சுரப்பியைச் சுத்தி ஒரு நீல வளையம் வரும். வெள்ளிக்கிழமை இரத்தக்கட்டி கடந்து போனது அந்த வளையத்தாலைதான். பெடியன் இப்ப சுகம், வலப்பக்கக் கடைசிக்குப் பார்க்கேக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் ரெண்டாத் தெரியுதாம்.