மூன்று பெட்டி வஞ்சிரம்: சமையலறை மேலாண்மைத் தேர்வில் சப்ளையர் ஒப்புதல், தர வரையறை, சரக்குச் சோதனை

சமையலறை மேலாண்மைத் தேர்வில் சரக்குக் கொள்முதல் பகுதியிலிருந்து வரும் கேள்விகளைப் பலரும் மனப்பாடத்தால் சமாளிக்கப் பார்க்கிறார்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், வாடை வரக்கூடாது என்று எழுதிவிட்டு வந்து, மதிப்பெண் ஏன் பாதியாகக் குறைந்தது என்று குழம்புகிறார்கள். ஒரு கெடுதலை எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்க முடியும், எந்தக் கட்டத்தில் முடியாது என்பதே கேள்வியின் உள்நோக்கம். அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்ப்போம்.

கேள்வி இது. சென்னையிலுள்ள ஓர் உணவகத்தில், மே மாதத்தில் ஒரு நாள், மதிய விருந்துக்கு 120 பேர். ஒருவருக்கு 150 கிராம் எடையுள்ள வஞ்சிர மீன் துண்டு ஒன்று. முழு மீனை வெட்டிச் சுத்தம் செய்தால் 65 சதவீதம் துண்டாகக் கிடைக்கும் என்பது அந்தச் சமையலறையின் கணக்கு. காலை 6 மணிக்கு மூன்று பெட்டிகளில் மீன் வருகிறது. பில்லில் 28 கிலோ என்று இருக்கிறது. மூன்று பெட்டியிலும் மேலே ஐஸ் நிறைந்திருக்கிறது, மீனில் கெட்ட வாடை இல்லை. மீனின் உள்வெப்பநிலை முதல் பெட்டியில் 2 டிகிரி செல்சியஸ், இரண்டாவதில் 4, மூன்றாவதில் 9. நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதல் படி: எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று முடிவு செய்தல்

வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள். இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். மீன் இறந்தபின் வெப்பத்தில் கிடந்தால், செவுளிலும் குடலிலும் இருக்கும் சில பாக்டீரியாக்கள் பெருகி, அவற்றின் நொதி இந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகிறது. அப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்டவருக்குச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து, உடலில் தடிப்பும் தலைவலியும் வாயில் எரிச்சலும் வரும். பார்ப்பதற்கு ஒவ்வாமை போலவே இருப்பதால், ‘எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது’ என்று அவரே முடிவு கட்டிவிடுவதும் உண்டு.

இதில் தேர்வுக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். உருவான ஹிஸ்டமின் சமைத்தாலும் அழியாது, உறைய வைத்தாலும் குறையாது. அதற்கென்று தனி வாடையோ நிறமோ கிடையாது. ஆகவே ‘வாடை இல்லை’ என்று கேள்வியில் கொடுத்திருப்பது உங்களுக்கு உதவி செய்வதற்காக அன்று, உங்களை வழி தவற வைப்பதற்காக. ‘உடனே சமைத்துவிடலாம்’, ‘ஃப்ரீசரில் வைத்துவிடலாம்’ என்று வரும் விடைத் தெரிவுகளும் இதே காரணத்தால் தவறானவை.

சரக்கு வாங்கும் இடத்தில் நிற்பவரால் ஹிஸ்டமினை நேரடியாகப் பார்க்க முடியாது. மீனின் அப்போதைய வெப்பநிலையை மட்டுமே பார்க்க முடியும். நேற்று மாலை அந்த மீன் வெயிலில் நான்கு மணி நேரம் கிடந்து, பிறகு நன்றாகக் குளிர்விக்கப்பட்டிருந்தால், இன்று காலை தெர்மாமீட்டர் 2 டிகிரிதான் காட்டும். இந்த ஓட்டையை அடைப்பதற்குத்தான் சப்ளையர் ஒப்புதல் என்ற கட்டம் இருக்கிறது.

இரண்டாம் படி: சப்ளையரை ஒப்புக்கொள்ளுதல்

சப்ளையரின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண்ணை வாங்கி, FoSCoS தளத்தில் அது நடப்பில் உள்ளதா, மீன் வணிகத்துக்கு உரியதா என்று பார்ப்பது முதல் வேலை. இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஆனால் உரிம எண், மீன் எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது என்பதைச் சொல்லாது.

அதற்காகச் சப்ளையரின் இடத்துக்கே நேரில் போக வேண்டும். காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ வானகரத்திலோ, எங்கிருந்து அவர் எடுக்கிறாரோ அங்கிருந்து உங்கள் பின்வாசல் வரை மீன் எப்படிப் பயணம் செய்கிறது என்று கவனிக்க வேண்டும். ஏலத்துக்கும் வண்டி ஏற்றுவதற்கும் இடையில் மீன் தரையில் கிடக்கிறதா, ஐஸ் குடிநீரில் செய்ததா, ஒரு வரிசை ஐஸ் ஒரு வரிசை மீன் என்று அடுக்குகிறாரா அல்லது மேலே மட்டும் தூவுகிறாரா, வண்டி மூடிய காப்புப் பெட்டி வைத்ததா என்பவை பார்த்தால்தான் தெரியும். மீன் கெடாமலிருக்கச் சிலர் சட்டவிரோதமாகச் சேர்க்கும் ஃபார்மலினுக்கான சோதனையையும் இந்தக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய தாள் வடிவச் சோதனைப் பொருளால் அதைச் சில நிமிடங்களில் பார்க்கலாம். ஹிஸ்டமினுக்கு ஆய்வகச் சோதனை அறிக்கையை அவ்வப்போது கேட்டு வாங்குவதுதான் வழி. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை இந்த மீன்களுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 200 மில்லிகிராம்.

கேள்வியில் ‘மே மாதம்’ என்று இருப்பதைக் கவனித்தீர்களா? தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகு மீன் வரும், ஆனால் போதாது. ஆகவே அந்த மாதங்களில் சென்னையின் வஞ்சிரத்தில் ஒரு பகுதி மேற்குக் கடற்கரையிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறது. முன்பே உறைய வைத்ததை உருக்கிப் பச்சை மீன் என்று விற்பதும் நடக்கிறது. ஜனவரியில் ஒப்புதல் பெற்ற அதே சப்ளையர், மே மாதத்தில் வேறொரு வழியில் வரும் வேறொரு மீனை விற்கிறார். தடைக்காலத்துக்கு எங்கிருந்து எடுப்பார் என்பதை ஒப்புதல் கோப்பில் தனியாக எழுதி வாங்குவதும், இரண்டாவது சப்ளையர் ஒருவரை முன்பே ஒப்புக்கொண்டு வைப்பதும் இதனால்தான். என் கணிப்பில், பாடப்புத்தகங்கள் இந்த இடத்தைப் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

மூன்றாம் படி: தர வரையறை எழுதுதல்

‘நல்ல தரமான, புத்தம் புதிய வஞ்சிரம்’ என்று எழுதினால் அது விளம்பரம்; தர வரையறை ஆகாது. பின்வாசலில் நிற்கும் ஒருவர் அளந்தோ பார்த்தோ ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய வாக்கியம் மட்டுமே வரையறை. நம் கேள்விக்கு இப்படி எழுதலாம்:

வஞ்சிரம், பச்சை மீன், உறைய வைத்து உருக்கியது கூடாது. தலையோடு கூடிய முழு மீன், ஒவ்வொன்றும் 3 முதல் 5 கிலோ. ஐஸ் அடுக்கிய மூடிய பெட்டியில், உள்வெப்பநிலை 5 டிகிரிக்கு மிகாமல் வர வேண்டும். எடை ஐஸ் நீக்கிய நிகர எடை. பிடித்த கடற்கரையும் கரைக்கு வந்த தேதியும் பில்லிலோ இணைப்புச் சீட்டிலோ இருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி வேறு மீனை மாற்றித் தரக்கூடாது.

முழு மீன் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. துண்டாக வந்தால் அது வஞ்சிரம்தானா என்று உறுதி செய்வதும் கடினம், கண்ணையும் செவுளையும் பார்க்கவும் வழியில்லை. எடை வரம்பு துண்டின் அளவுக்காக. மீன் சிறுத்தால் 65 சதவீதக் கணக்கும் நிலைக்காது.

நான்காம் படி: வாசலில் சோதித்தல்

தெர்மாமீட்டரை முதலில் சோதியுங்கள். நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த குவளையில் முனையை வைத்தால் 0 காட்ட வேண்டும். பிறகு முனையைத் துடைத்துக் கிருமி நீக்கி, தலைக்குப் பின்னால், நடுமுள்ளை ஒட்டிய தடித்த சதைக்குள் செருகி, எண் நின்றபின் படியுங்கள். பெட்டியின் மேல் மீனை மட்டும் பார்க்கக்கூடாது; நடுவிலும் அடியிலும் உள்ளவற்றையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பெட்டியில் ஐஸ் நிறைய இருந்தும் 9 டிகிரி ஏன்? ‘ஐஸ் இப்பத்தான் சார் போட்டேன்’ என்று வண்டிக்காரர் பெருமையாகச் சொல்வார், அதுவே விடையும்கூட. நான்கு கிலோ மீனின் நடுப்பகுதி குளிர மணிக்கணக்காகும். வாசலுக்கு வரும் வழியில் போட்ட ஐஸ் தோலைக் குளிர்விக்கும், சதையைக் குளிர்விக்காது. அந்த மீன் எவ்வளவு நேரம் வெப்பத்தில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததாலேயே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். 4 டிகிரி காட்டிய இரண்டாம் பெட்டியை ஏற்கலாம், உடனே குளிர்பெட்டிக்குள் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. மீன், இறைச்சி போன்ற விலங்குவழி உணவைச் சேமிக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சரிபார்ப்புப் பட்டியல் வைக்கும் எல்லை 4 டிகிரிதான். பெறும் எல்லையும் சேமிக்கும் எல்லையும் வெவ்வேறு என்பதை விடையில் பிரித்துக் காட்டுங்கள்.

இனி எடை. ஐஸை வடித்து நிறுத்தால் 9.0, 8.8, 8.8 கிலோ என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 26.6, பில் 28. ஏற்கும் இரண்டு பெட்டி 17.8 கிலோ. அதில் 65 சதவீதம் 11.57 கிலோ துண்டு, அதாவது 77 பேருக்குத்தான் வரும். மீதி 43 பேருக்கு 6.45 கிலோ துண்டு வேண்டும், அதை 0.65-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 கிலோ முழு மீன். இரண்டாவது சப்ளையருக்கு 6.30 மணிக்கே தொலைபேசியில் சொல்ல வேண்டிய எண் அதுதான். இந்தக் கணக்கு இல்லாத விடை, சமையலறையைப் பாதி வழியில் விட்டுவிட்ட விடை.

ஐந்தாம் படி: எழுதி வைத்தல்

மூன்றாம் பெட்டியில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று சீட்டு ஒட்டி, ஏற்ற சரக்கிலிருந்து தள்ளி வையுங்கள். பில்லில் 28-ஐ அடித்து 17.8 என்று எழுதி, வண்டிக்காரரிடமும் கையெழுத்து வாங்குங்கள், நிராகரித்த 8.8 கிலோவுக்கும் எடை குறைந்த 1.4 கிலோவுக்கும் சேர்த்து 10.2 கிலோவுக்குக் கிரெடிட் நோட் கேட்க வேண்டும். இரண்டையும் தனித்தனிக் காரணமாகவே பதியுங்கள். ஒன்று பாதுகாப்புக் குறை, மற்றொன்று எடைக் குறை. பல இடங்களில் விடியற்காலைச் சரக்குக்கு வாசல் காவலாளியே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். சோதித்தவர் பெயர், நேரம், மூன்று பெட்டியின் வெப்பநிலை ஆகியவற்றுக்குப் பதிவேட்டில் தனித்தனிக் கட்டம் இருந்தால் அது நடக்காது.

பதிவேட்டின் நகல் ஒப்புதல் கோப்புக்குப் போக வேண்டும் என்பதை மாணவர்கள் எழுத மறந்துவிடுகிறார்கள். அந்தச் சப்ளையரின் பெயருக்கு எதிரே ‘கண்காணிப்பில்’ என்று குறித்து, மூன்றாம் பெட்டி மீன் எந்தக் கடற்கரையிலிருந்து எப்போது ஏறியது, வழியில் ஐஸ் எங்கே மாற்றப்பட்டது என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். விளக்கம் வரும்வரை அவரிடமிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியையும், இரண்டில் ஒன்று என்றில்லாமல், அளந்தே இறக்குங்கள்.